அத்தைக்கு யாராவது "மிக்க நன்றி" சொல்வார்களா?

பேஸ்புக்கில் ஒருவர் வீட்டு விசேஷத்தையோ அப்பா அம்மாவையோ பற்றி அழகாக நாலு வரி எழுதியிருப்பார். படித்ததும் நமக்கே அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். அப்படியே கீழே இறங்கினால் "நன்றி அண்ணா", "நன்றி அக்கா", "மிக்க நன்றி தோழர்", "நன்றி நன்றி" என்று ஒரே வரிசை. மேலே எழுதியவர் எங்கே போனார், கீழே பதில் போட்டுக்கொண்டிருக்கும் இவர் யார் என்று தோன்றும். எனக்குத் தொழிலே சின்னக் கடைகளுக்கும் நிறுவனங்களுக்கும் பக்கம் நடத்திக் கொடுப்பதுதான், அதனால் இந்த இடம் உடனே கண்ணில் படும். கடைக்குப் பதில் போடுவது சுலபம், ஒரு குரலைப் பிடித்துக்கொண்டால் எல்லாருக்கும் அதையே பேசலாம். சொந்தப் பதிவில் அது நடக்காது. கீழே வந்து நிற்பவர்களில் ஒருவர் பெரியப்பா, ஒருவர் மேனேஜர், ஒருத்தி ஒன்றாம் வகுப்பிலிருந்து கூடப் படித்தவள்.

அம்பாசமுத்திரத்துத் தோழி ஒருத்தி சமீபத்தில் அவள் அப்பாவைப் பற்றிப் பதிவு போட்டாள். அவர் அரசு பஸ் டிரைவர். திருநெல்வேலி - பாபநாசம் ரூட்டில் பல வருஷம் ஓடியவர், சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பை, விக்கிரமசிங்கபுரம் என்று அந்தச் சாலையில் அவரைத் தெரியாத ஸ்டாப் கிடையாது. கடைசி டூட்டி முடித்த அன்று ராத்திரி அவள் எழுதியது இது. அவள் அனுமதியோடுதான் இங்கே போடுகிறேன்.

"இன்னைக்கு சாயந்தரத்தோட எங்கப்பா பஸ் ஓட்டுறத நிப்பாட்டியாச்சு. பாபநாசம் ரூட்ல இனிமே வேற ஆளு. அம்மாவ பின்னாடி உக்கார வச்சு ஸ்கூட்டர்ல ஊரச் சுத்தப் போறாராம். கண்டக்டர் இல்லாம நான் ஏற மாட்டேன்னு அம்மா சொல்லிட்டா. மூணு வேளையும் வீட்ல சாப்பிடப் போற மனுசன நெனச்சு அம்மாதான் கவலையில இருக்கா. நாங்க சந்தோசமா இருக்கோம்னு வெளிய சொல்லிக்கிடுதோம்."

மறுநாள் காலைக்குள் கமெண்ட் குவிந்துவிட்டது. அவள் எனக்குப் போன் செய்து, எல்லாருக்கும் நன்றி போட்டுவிடவா, இல்லை கடைசியில் மொத்தமாக ஒரு நன்றி சொல்லிவிடவா என்று கேட்டாள். இரண்டும் வேண்டாம், முக்கியமான கொஞ்சப் பேருக்கு உட்கார்ந்து எழுதலாம் என்றேன். அன்று இரண்டு பேரும் சேர்ந்து எழுதிய பதில்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பதில் எழுதும் முன் அந்தப் பதிவையே திரும்ப ஒரு தடவை படிக்க வேண்டும், யாரோ எழுதியதைப் படிக்கிற மாதிரி. அவள் எழுதியதில் பெருமை என்ற சொல் இல்லை. பாசம், தியாகம், உழைப்பு எதுவும் இல்லை. அப்பாவைக் கிண்டல் செய்கிறாள், அதிலும் அம்மாவின் வாயால் கிண்டல் செய்கிறாள். கடைசி வரியில் மட்டும், "வெளிய சொல்லிக்கிடுதோம்" என்கிற இடத்தில், உள்ளே இருப்பது லேசாகத் தெரிந்துவிடுகிறது. எழுத்து முழுக்க நெல்லைப் பேச்சு, எமோஜி ஒன்றுகூடக் கிடையாது. ஆக, இந்தப் பெண் பாசத்தைப் புகாராகத்தான் சொல்லுவாள். கீழே எழுதும் பதிலும் இதே பெண் எழுதியதாக இருக்க வேண்டும், "தங்கள் அன்பிற்கும் வாழ்த்திற்கும் நெஞ்சார்ந்த நன்றிகள்" என்று அவள் வாயில் வராது.

முதலில் அத்தை. தூத்துக்குடியிலிருந்து எழுதியிருந்தார்: "எங்க அண்ணன் சாமி மாதிரி. இத்தன வருஷத்துல ஒரு ஆக்சிடெண்டு கெடையாது. நூறு வயசு நல்லா இருக்கணும்." தோழி இதற்கு எழுதி வைத்திருந்தது "மிக்க நன்றி அத்தை", பக்கத்தில் ஒரு கும்பிடும் கை. அத்தை நேரில் வந்து இதைச் சொன்னால் நீ கும்பிட்டு மிக்க நன்றி என்பாயா என்று கேட்டேன். சிரித்துவிட்டாள். சொந்தத்தில் யாரும் யாருக்கும் நன்றி சொல்லிக்கொள்வதில்லை, சொன்னால் ஏதோ மனஸ்தாபம் என்றுதான் அத்தை நினைப்பார். நேரில் என்ன சொல்லுவாளோ அதைக் கேட்டு எழுதினோம்:

"அத்த, பஸ்ல ஆக்சிடெண்டு இல்ல, அது வாஸ்தவம்தான். போன மாசம் வீட்டு மிக்ஸிய ஒடச்சாரே, அத யாரு கேக்க? நீங்க வந்து ஒரு வாரம் இருந்து உங்க அண்ணனப் பாத்துட்டுப் போங்க."

இதில் எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. அத்தை சாமி என்று சொல்லியிருக்கிறார், அதற்குக் கீழே மிக்ஸி உடைத்த கதையைக் கொண்டுவந்து வைத்தால் அவர் சொன்னதை லேசாக்கிவிட்டது போல ஆகாதா? அதற்குத்தான் "அது வாஸ்தவம்தான்" முதலில் வந்தது. பெரியவர்கள் மனசிலிருந்து ஒன்று சொன்னால் முதலில் அதை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும், கேலியெல்லாம் அப்புறம். அந்த ஒரு துண்டை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள், அத்தையை மறுத்துப் பேசுகிற மாதிரி ஆகிவிடும். கடைசியில் வரச்சொல்லிக் கூப்பிட்டதும் வெறும் உபசாரம் கிடையாது, அத்தை நிஜமாகவே வந்தார்.

அடுத்து கண்டக்டர் மாமா. மாமா என்றால் சொந்தம் இல்லை, அப்பாவோடு ரொம்ப காலம் ஒரே வண்டியில் டூட்டி பார்த்தவர். "பாப்பா, இனிமே நான் யாருக்கு விசில் அடிக்க?" என்று ஒரே வரிதான் எழுதியிருந்தார். எல்லா கமெண்டிலும் இதுதான் கனமானது என்று எனக்குத் தோன்றியது. நம் ஊர் பஸ்ஸில் ஒரு விசில் அடித்தால் நிற்கும், இரண்டு அடித்தால் கிளம்பும். டிரைவருக்கும் கண்டக்டருக்கும் நடுவில் கூட்டம் நிற்கும்போது அந்த விசில்தான் பேச்சு. இத்தனை வருஷம் அப்படிப் பேசிய ஆளுக்குக் கடைசியில் ஒரு நன்றி போட்டு அனுப்ப முடியுமா? அவள் எழுதியது:

"மாமா, எங்க வீட்ல யாரு சொல்லியும் கேக்காத மனுசன் உங்க விசிலுக்கு மட்டுந்தான் நின்னாரு. அத வீட்டுக்குக் கொண்டாங்க, அம்மாவுக்கு வேணும்."

இந்தப் பதில் நன்றாக வந்ததற்குக் காரணம் மாமாவேதான். அவர் ஒரு பொருளை எடுத்துக் கொடுத்திருக்கிறார், விசில். அதை எடுத்து, பதிவில் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் பேச்சுக்குள் வைத்தால் போதும், வேறு எதுவும் யோசிக்க வேண்டியதில்லை. பெரும்பாலான பதில்களுக்கு நான் செய்வது இவ்வளவுதான், கமெண்டில் இருக்கும் ஒரு பொருளையோ ஊர்ப் பெயரையோ பிடித்துக்கொண்டு அதைப் பதிவின் குரலில் திருப்பிப் பேசுவது. எதையும் பிடிக்க முடியாத கமெண்டும் உண்டு, "வாழ்த்துகள்" என்று மட்டும் இருக்கும். அதற்கு மெனக்கெட்டு ஜோக் செய்தால் வலிந்து செய்தது என்று தெரியும். ஒரு இதயத்தைத் தட்டிவிட்டு நகர்ந்துவிடலாம், அவரும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்.

பள்ளித் தோழி விஷயம் கொஞ்சம் வில்லங்கம். "ஏட்டி, அப்பா பஸ்ல ஓசியில போவோமே, மறக்க முடியுமா" என்று எழுதியிருந்தாள். எழுதியவளுக்குக் கள்ளம் கிடையாது, சின்ன வயசு ஞாபகம். ஆனால் அந்தப் பதிவை டெப்போ ஆட்கள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், ரிட்டயர்மெண்ட் பணம் இன்னும் கைக்கு வரவில்லை, இந்த நேரத்தில் ஓசி என்கிற சொல் அப்படியே நிற்கக் கூடாது. நீளமாக விளக்கம் எழுதினால் அதுவே சந்தேகத்தைக் கிளப்பும். கமெண்டை அழித்தால் தோழிக்குச் சங்கடம். அவள் குரல் இங்கே கைகொடுத்தது: "ஓசியா? ஸ்கூல் பாஸ தொங்கப் போட்டுக்கிட்டு ஜன்னல் சீட்டுக்கு என்கூட சண்ட போட்டது யாரு டீ?" அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச பஸ் பாஸ் உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும், அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. கேலி மாதிரியே இருக்கும், விஷயமும் சரியாகிவிடும். இந்தத் தொனியில் எழுதியிராத பதிவாக இருந்தால் இது முடிந்திருக்காது, போன் போட்டுத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

மேனேஜர் ஆங்கிலத்தில் வாழ்த்தியிருந்தார், ஹேப்பி ரிட்டயர்டு லைஃப் என்று. அவருக்குத் தமிழ் தெரியும், ஆனால் ஆபீஸ் பழக்கம். தோழி உடனே ஆபீஸ் மெயில் மாதிரி ஒன்று தட்டப் பார்த்தாள். அவரிடம் ஏட்டி என்று பேச முடியாது, சரி, ஆனால் ஒரே பதிவுக்குக் கீழே திடீரென்று மெயில் எழுதவும் வேண்டியதில்லை. "ரொம்ப நன்றி சார். ஹேப்பியா இருக்கிறது எங்கம்மா கையில இருக்கு." மரியாதை இருக்கிறது, நீளம் இல்லை, பேசுவது அதே பெண்தான். இங்கே நன்றி சொன்னது சரி, ஏனென்றால் நேரிலும் அவரிடம் அவள் நன்றிதான் சொல்லுவாள். அதாவது ஆளுக்கு ஆள் மாறுவது விளிப்பும் மரியாதையும்தான். உலகத்தை அவள் பார்க்கிற விதம் மாறக் கூடாது. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், எல்லாருக்கும் ஒரே "ங்க" போட்டுவிட்டு, குரலை மட்டும் ஒவ்வொரு பதிலிலும் மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

முகம் தெரியாதவர்களும் வந்தார்கள். ஒருவர் எழுதியிருந்தார், தினமும் காலையில் வீரவநல்லூரில் ஏறுவேன், ஓடி வருவதைப் பார்த்தால் நிறுத்தி ஏற்றிக்கொள்வார் என்று. பெயரை வைத்து ஆணா பெண்ணா, என்ன வயசு எதுவும் சொல்ல முடியவில்லை. இந்த மாதிரி இடத்தில் அண்ணா அக்கா என்று குத்துமதிப்பாகப் போடாமல் முறையே இல்லாமல் எழுதிவிடுவது நல்லது. தமிழில் அது சுலபம், "நீங்க" என்று ஆரம்பித்தால் முடிந்தது. "நீங்கதானா அது! வீரவநல்லூர்ல ஓடி வாரவங்களப் பத்தி வீட்ல தெனமும் பொலம்பல் கேட்டிருக்கேன். நிப்பாட்டி ஏத்தினாருங்கறது இப்பதான் தெரியுது." அவருக்குக் கீழேயே இன்னும் இரண்டு மூன்று பேர் வந்து, நானும் ஓடியிருக்கிறேன், நானும் ஓடியிருக்கிறேன் என்று எழுத, அந்த இழையே தனியாக ஒரு பஸ் மாதிரி ஓடியது.

இத்தனை கேலிக்கும் நடுவில் ஒரு கமெண்ட். "எங்கப்பாவும் டிரைவர்தான்கா. சர்வீஸ்லயே போயிட்டாரு. இந்த நாளு அவருக்குக் கெடைக்கல. அப்பாவ நல்லா பாத்துக்கங்க." எழுதியது பக்கத்து ஊர்ப் பையன், அவளுக்கு லேசாகத்தான் பழக்கம். இதற்குக் கேலி கூடாது என்பது யாருக்கும் தெரியும். சிக்கல் அடுத்ததில்தான் இருக்கிறது. கேலியை விட்டதும் கை தானாக "ஆழ்ந்த இரங்கல்கள், தங்கள் தந்தையாரின் ஆன்மா" என்று போகும். மேலே பேசிக்கொண்டிருந்த பெண் எழுந்து போய், இரங்கல் கூட்டத்துத் தலைவர் வந்து உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும். அதே பெண் குரலைத் தாழ்த்திப் பேசினால் எப்படி இருக்கும் என்பதுதான் தேட வேண்டியது.

நான் அவளை உடனே எழுதவிடவில்லை. முதலில் அப்பாவிடம் கேள், அவரைத் தெரியுமா என்று. கேட்டாள். தெரியும், வேற டெப்போ, எதிரே வண்டி வந்தால் லைட் போட்டுக் காட்டிக்கொள்வோம், கல்லிடைக்குறிச்சி டீக்கடையில் பார்த்துப் பேசியதுண்டு என்றாராம். அப்புறம்தான் எழுதினாள்:

"தம்பி, அப்பாட்ட கேட்டேன். எதுத்தாப்ல வண்டி வந்தா ரெண்டு பேரும் லைட் போட்டுக் காட்டிக்கிடுவாங்களாம். கல்லிடைக்குறிச்சி டீக்கடைல பாத்துப் பேசியிருக்காங்களாம். ஒரு நாளைக்கு வீட்டுக்கு வா, அவரே சொல்லுவாரு."

பதிவில் இருந்த அதே நடை, அதே சின்னச் சின்ன வாக்கியம். கிண்டல் மட்டும் இல்லை. இங்கே ஒன்று சொல்ல வேண்டும், அப்பாவுக்கு அந்த ஆளைத் தெரியாமல் இருந்திருந்தால் தெரியாது என்றே வைத்து வேறு ஏதாவது எழுதியிருப்போம். அழகாக இருக்கிறதே என்று லைட் போட்ட கதையை நாமே கட்டிவிட்டால், அந்தப் பையன் நாளைக்கு வீட்டுக்கு வந்து கேட்பான்.

இந்த இடத்தில் எழுத்துக்கு வெளியே ஒன்று. பேஸ்புக்கில் 2016-லேயே லைக்கோடு சிரிப்பு, சோகம் எல்லாம் வந்துவிட்டது, 2020-ல் இதயத்தைக் கட்டிப்பிடிக்கும் முகம் ஒன்றும் சேர்ந்தது. விரல் அவசரத்தில் அந்தப் பையன் கமெண்டில் சிரிப்பு விழுந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். நாற்பது கமெண்டைப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டே தட்டிவிடுகிற பழக்கம் இருந்தால் இது என்றாவது நடக்கும். எழுதிய பதிலைத் திருத்தினாலும் திருத்தியது என்ற அடையாளம் அங்கே நிற்கும், தட்டினால் பழைய வரியும் தெரியும். அதனால் கனமான கமெண்டுகளுக்குப் பதிலை வேறெங்காவது எழுதி வைத்து, சாப்பிட்டுவிட்டு வந்து இன்னொரு முறை படித்துவிட்டுப் போடச் சொல்லுவேன். மற்றவைக்கு இவ்வளவு தேவையில்லை.

மத்தியானத்துக்குள் ஏழெட்டுப் பதில் போட்டாயிற்று. அப்போது வரிசையாகப் படித்துப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. ஒவ்வொன்றும் தனியாக நன்றாகத்தான் இருக்கிறது, சேர்த்துப் படித்தால் திரும்பத் திரும்ப அம்மாதான் வருகிறார். அம்மாவுக்கு விசில் வேண்டும், அம்மா கையில் இருக்கிறது, அம்மா கவலைப்படுகிறார். பதிவில் அம்மா புத்திசாலி, கீழே போகப் போக அவர் புருஷனை அதட்டுகிற பெண்டாட்டியாக மாறிக்கொண்டிருக்கிறார், டிவி சீரியலில் வருவது போல. கமெண்ட் போடுகிறவர் தன் பதிலை மட்டும்தான் பார்ப்பார் என்று நினைக்கக் கூடாது, பதிவுக்குச் சொந்தக்காரர் பதில் போடப் போட அந்தக் கமெண்டுகள் மேலே வந்து நிற்கும், புதிதாக வருகிறவர் வரிசையாகத்தான் படிப்பார். குரலைப் பிடித்துக்கொள்வது என்றால் ஒரே ஜோக்கைப் பிடித்துக்கொள்வது என்று ஆகிவிடக் கூடாது. அதோடு அம்மாவை நிறுத்திவிட்டோம். மிச்சப் பதில்களில் அப்பாவின் காக்கிச் சட்டை வந்தது, தூங்கும்போதுகூட அவர் கால் பிரேக்கைத் தேடுவது வந்தது. அம்மாவே பேஸ்புக்கில் இல்லாததால் மகள்தான் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினாள். விசில் பதிலுக்கு அம்மா சிரித்தாராம், மேனேஜர் பதிலுக்கு "நான் என்ன அம்புட்டுக் கொடுமைக்காரியா" என்று கேட்டாராம்.

வரிசை என்றதும் சொந்தக்காரர்கள் நினைவுக்கு வருகிறார்கள். கண்டக்டர் மாமாவுக்கு இரண்டு வாக்கியம், பெரியப்பாவுக்கு ஒரு இதயம் என்றால் அந்தக் கணக்கு அடுத்த கல்யாண வீட்டில் வந்து நிற்கும். பெரியப்பா போட்டிருந்தது பூங்கொத்துப் படம், அதில் "வாழ்க வளமுடன்" அச்சடித்திருந்தது. பிடித்துக்கொள்ள ஒரு பொருளும் இல்லை. ஆனாலும் அவருக்கு எழுத வேண்டும், அதுவும் சித்தப்பாவுக்கு முன்னால். "பெரிப்பா, அப்பாவுக்கு மொத மொத சைக்கிள் ஓட்டச் சொல்லிக் கொடுத்தது நீங்கதான்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. அங்க ஆரம்பிச்சதுதான் எல்லாம்." கமெண்டில் எதுவும் கிடைக்காதபோது அந்த ஆளிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். பெரியப்பா அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்.

எல்லாப் பதிவுக்கும் இந்தப் பேச்சு நடை பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் வேறொருவர் தன் ஆசிரியரின் நினைவு நாளுக்கு நல்ல எழுத்துத் தமிழில், நிதானமாக, ஒரு பக்கம் எழுதியிருந்தார். அதற்குக் கீழே யாரோ "சார் பத்தி செமயா எழுதிருக்க" என்றதும் அவர் "தேங்க்ஸ் டா மச்சி" என்றார். எழுதியவருக்கு அது இயல்பாக வந்த பதில்தான், மச்சிக்கு மச்சி. ஆனால் படித்துவிட்டு அந்த மனநிலையிலேயே கீழே வந்தவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும். "உனக்கும் சாரைத் தெரியுமே, அந்த நூலக அறையை மறந்திருக்க மாட்டாய்" என்கிற அளவில் நின்றிருக்கலாம். நண்பனிடம் "நீ" என்று பேசியதாகவும் ஆகும், மேலே இருக்கும் எழுத்தும் கெடாது.

தோழியின் பதிவுக்கு இப்போதும் எப்போதாவது ஒரு கமெண்ட் வருகிறது, லேட்டாகப் பார்த்தேன், வாழ்த்துகள் என்று. தாமதமாக வந்தவருக்கு அன்றைக்கு எழுதியதையே திரும்ப எழுதினால் பழையது என்று தெரியும். அதனால் அவள் அன்றன்றைய செய்தியைச் சொல்லிவிடுகிறாள். கடைசியாக ஒருவர் அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டதற்கு அவள் போட்ட பதில்: "காலைல நாலு மணிக்கே எந்திரிச்சு உக்காந்துக்கிட்டு, ஃபர்ஸ்ட் ட்ரிப் இன்னைக்கு லேட்டுன்னு எங்ககிட்ட சொல்லிக்கிட்டு இருக்காரு."